இரண்டு கோழியா, இரண்டு துண்டா? மலாயில் எண்ணிப் பழக ஒரு வழிகாட்டி

பினாங்குக்கு வேலைக்கு வந்த முதல் வாரம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மலாய் அம்மா நடத்தும் கடையில் வரிசையில் நின்றேன். கையில் நான்கைந்து மலாய்ச் சொற்கள் இருந்தன, தைரியம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. சோறு நாசி, கோழி ஆயாம், இரண்டு துவா. எண்ணோடு இன்னொரு சொல்லும் சேர்க்க வேண்டும், கோழிக்கு அது எக்கோர் என்று அறை நண்பர் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் பவ்யமாக, "நாசி, ஆயாம் துவா எக்கோர்" என்றேன். அந்த அம்மா கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "அம்போய்! துவா எக்கோர்?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவரே ஒரு பொரித்த துண்டை இடுக்கியில் தூக்கிக் காட்டி, "துவா கெத்தூல், ஆதிக்?" என்று கேட்டார்.

நான் கேட்டது இரண்டு முழுக் கோழி. எனக்கு வேண்டியிருந்தது இரண்டு துண்டு. எண் சரி, பெயரும் சரி, இடையில் நின்ற சொல்தான் மாறிப்போனது.

அந்த இடைச்சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மலாயில் இதற்குப் பெயர் பெஞ்ஜோடோ பிலாங்கான். ஜோடோ என்றால் பொருத்தம், ஜோடி. எண்ணையும் பொருளையும் ஜோடி சேர்த்து வைக்கும் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். சீனம், ஜப்பானியம், தாய், வியட்நாமியம் எல்லாவற்றிலும் இது உண்டு, நம் நாட்டிலேயே வங்காளத்தில் உண்டு. ஆனால் தமிழர் உள்ளே நுழைய மலாய்தான் சுலபமான வாசல் என்பது என் கருத்து, ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஒரு சின்னக் குறிப்பு. மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். "செ" என்று வரும் இடங்களில் எ-வை அழுத்தாமல் பாதி விழுங்கிச் சொல்லுங்கள், போதும்.

முதலில் ஆங்கிலத்தை ஓரமாக வையுங்கள்

"ஷீட் ஆஃப் பேப்பர்" என்று ஆங்கிலத்திலும்தானே சொல்கிறோம், இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் நினைத்தேன். குழப்பம் ஆரம்பிப்பதே அங்கேதான்.

ஆங்கிலத்தில் பூனையை நேரடியாக எண்ணலாம், "த்ரீ கேட்ஸ்". பேப்பரை அப்படி எண்ண முடியாது. "த்ரீ பேப்பர்ஸ்" என்றால் மூன்று செய்தித்தாள் அல்லது மூன்று பரீட்சைத் தாள் என்று பொருள் போய்விடும். ஆங்கிலக் கணக்கில் காகிதம் என்பது தண்ணீர், மணல் மாதிரி மொத்தமாகக் கிடக்கும் ஒரு சரக்கு. அதை எண்ண வேண்டுமென்றால் முதலில் ஷீட்டாக நறுக்கியாக வேண்டும். ரொட்டிக்கு ஸ்லைஸ் போடுவதும் இதனால்தான். நாம் இந்தக் கணக்கில் வளரவில்லை, அதனால்தான் "டூ பிரெட்ஸ்" என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்கிறோம். தமிழில் "மூணு பேப்பர் குடு" என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லையே.

ஆக, ஆங்கிலத்தில் இடைச்சொல் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெயர்ச்சொல் தீர்மானிக்கிறது. சில பெயர்களுக்கு வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு வேண்டாம்.

மலாயில் அதைத் தீர்மானிப்பது எண். எண் வந்துவிட்டால் இடைச்சொல்லும் வர வேண்டும், பூனையோ வீடோ ஆசிரியரோ அதில் வித்தியாசம் இல்லை. மூன்று பூனை, தீகா எக்கோர் கூச்சிங். பூனையை யாரும் நறுக்கப் போவதில்லை, அது ஏற்கெனவே தனித்தனியாகத்தான் திரிகிறது. எக்கோர் அங்கே அளவு எதையும் சொல்லவில்லை, "இனி வரப்போவது ஒரு விலங்கு" என்று இனத்தைச் சொல்கிறது.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. இடைச்சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். "மூன்று டம்ளர் பால்" என்பதில் டம்ளரை எடுத்தால் எவ்வளவு பால் என்பது காணாமல் போகிறது, எனவே டம்ளர் ஓர் அளவுச்சொல். தீகா எக்கோர் கூச்சிங் என்பதில் எக்கோரை எடுத்தாலும் பூனை மூன்றுதான், நாலாகவோ அரையாகவோ ஆவதில்லை. கேட்பவர் காதுக்கு ஏதோ இடறும், அவ்வளவுதான். எக்கோர் வகைச்சொல்.

அளவுச்சொல் எல்லா மொழியிலும் உண்டு, மலாயிலும் உண்டு. செசாவான் கோப்பி ஒரு கோப்பைக் காப்பி, செபுங்குஸ் நாசி ஒரு பொட்டலம் சோறு. இவற்றை நீங்கள் தமிழில் தினமும் செய்கிறீர்கள், தனியாகப் படிக்க வேண்டியதில்லை. படிக்க வேண்டியது வகைச்சொற்களை மட்டும்.

தமிழில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

நம்மிடம் இது சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. "வீட்டுல எத்தனை பேர்?" "அஞ்சு பேர்." இந்தப் "பேர்" என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். மனிதர்களுக்கு மட்டும்தான் வரும். தொழுவத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள் என்றால் மாடு நிற்பதாக யாரும் நினைக்கமாட்டார்கள். மாட்டுக்கு வேறு சொல் இருக்கிறது, சந்தையில் "பத்து உருப்படி" என்பார்கள். சலவைக்குப் போடும் துணியையும் உருப்படி என்றுதான் எண்ணுகிறோம்.

மலாயின் ஓராங் கிட்டத்தட்ட நம் "பேர்"தான். ஓராங் என்றால் மனிதர். லீமா ஓராங் குரு, ஐந்து ஆசிரியர்கள் (ஆமாம், அங்கேயும் குருதான்). பக்கத்து வீட்டுக்காரர் அறிமுகமானதும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "அனாக் பெராப்பா ஓராங்?", பிள்ளைகள் எத்தனை பேர். பதில், "துவா ஓராங்". தமிழில் "ரெண்டு பேர்" என்று சொல்வது போலவே பெயர்ச்சொல்லை விட்டுவிடலாம், இடைச்சொல் தனியாக நிற்கும். வெறுமனே "துவா" என்றால் மொட்டையாக இருக்கும்.

தமிழில் பெரும்பாலும் மனிதரோடு நின்றுபோன இந்தப் பழக்கத்தை மலாய் எல்லாப் பொருளுக்கும் நீட்டியிருக்கிறது, நம் பக்கமிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

வாக்கியம் அமைப்பது

எண், வகைச்சொல், பெயர், இதுதான் வரிசை. தீகா, எக்கோர், கூச்சிங். பெயரைப் பன்மையாக்கக் கூடாது. மலாயில் பன்மைக்குச் சொல்லை இரண்டு முறை சொல்வார்கள், பூக்கு என்றால் புத்தகம், பூக்கு-பூக்கு என்றால் புத்தகங்கள். எண் வந்துவிட்டால் இந்த இரட்டிப்பு வேண்டாம், துவா புவா பூக்கு என்று நிறுத்த வேண்டும். "ரெண்டு புத்தகம்" என்று சாதாரணமாகப் பேசுகிற நமக்கு இது இயல்பாகவே வரும், ஆங்கிலம் வழியாக மலாய் படிப்பவர்கள்தான் "-ஸ்" எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்று என்பது மட்டும் தனிக்கதை. ஒன்று சாத்து, ஆனால் வகைச்சொல்லுக்கு முன் அது செ- என்று சுருங்கி ஒட்டிக்கொள்ளும். செஓராங், செஎக்கோர், செபுவா. பத்துக்கு செபுலோ, நூறுக்கு செராத்துஸ் என்பதிலும் இதே செ-தான் இருக்கிறது. இருபத்தொன்று மாதிரி கடைசியில் ஒன்று வரும் எண்களில் சாத்து அப்படியே நிற்கும், அங்கே சுருக்க வேண்டாம்.

கேள்விக்கு பெராப்பா, எத்தனை. அதன் பின்னாலும் வகைச்சொல் வரும். பெபெராப்பா என்றால் சில, அதற்கும் வரும். ஆனால் பாஞாக், அதாவது நிறைய என்ற சொல்லுக்குப் பின் வராது, அங்கே எண்ணிக்கை கிடையாதே. பாஞாக் கெரேத்தா, நிறையக் கார். அதே போல நாள், ரிங்கிட், கிலோ இவற்றுக்கும் வேண்டாம். தீகா ஹாரி என்றால் மூன்று நாள், முடிந்தது. அவையே அளவாக இருக்கும்போது அளவுக்கு மேல் இன்னொரு சொல் எதற்கு?

வரிசை மாறுவதும் உண்டு. கடைப் பட்டியல் மாதிரி இடங்களில் பெயர் முன்னால் வந்துவிடும், தெலோர் செபுலோ பீஜி, முட்டை பத்து. நாமும் பட்டியலில் "முட்டை பத்து" என்றுதானே எழுதுகிறோம்.

எந்தச் சொல்லை எப்போது எடுப்பது

பள்ளிக்கூடப் பட்டியல்களில் இருபது முப்பது வகைச்சொற்கள் வரிசையாக இருக்கும். அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், நான் உட்கார்ந்து இரண்டு வாரம் வீணடித்தேன். பொருளைப் பார்த்ததும் இந்தக் கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

மனிதரா? ஓராங். விலங்கா, பறவையா, பூச்சியா? எக்கோர். எக்கோர் என்றால் வால். யானைக்கும் வால், கொசுவுக்கும் வால், வாலே இல்லாத தவளைக்கும் வால்தான். பேய் பிசாசுகளையும் இதே சொல்லால் எண்ணக் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டில் மட்டும் தப்பு செய்யாதீர்கள். மனிதரை எக்கோர் என்று எண்ணினால் மிருகம் என்று திட்டியதாகிவிடும்.

இரண்டிலும் சேராதது என்றால், மரம் செடி உட்பட, உருவத்தைப் பாருங்கள். நீளமாக, குச்சி மாதிரியா? பாத்தாங், தண்டு. பேனா, மரம், சிகரெட், கரும்பு எல்லாம் இதில் வரும். ஆறும் சாலையும்கூட இதில்தான், மேலிருந்து பார்த்தால் நீளம்தானே. மெல்லிசாக, மடியக்கூடியதாகவா? ஹெலாய். தட்டையாக, விறைப்பாகவா? கெப்பிங். பலகை, பிஸ்கட், புகைப்படம் மாதிரி. சின்னதாக, உருண்டையாகவா? பீஜி, விதை என்று பொருள். முட்டை, கோலி, மாம்பழம். கட்டியா, துண்டமா? கெத்தூல். கல், ஐஸ், இறைச்சி. இதில் எதிலும் சேராத பெரிய பொருள் எல்லாவற்றுக்கும் புவா, பழம். வீடு, கார், மேசை, தீவு, நாடு எல்லாம் மலாயில் இத்தனை பழம் அத்தனை பழம் என்றுதான் எண்ணப்படுகின்றன.

இதில் ஹெலாய்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. செஹெலாய் கெர்த்தாஸ் என்றால் ஒரு தாள் காகிதம். பார்த்தால் அச்சு அசல் ஆங்கில ஷீட் மாதிரியே இருக்கிறது, இங்கேதான் ஏமாறுவோம். ஏனென்றால் சட்டைக்கும் அதே ஹெலாய்தான், துவா ஹெலாய் பாஜு. தலைமுடிக்கும் கைக்குட்டைக்கும் இலைக்கும் அதேதான். சட்டையை ஆங்கிலத்தில் ஷீட் போட்டு எண்ணமாட்டார்கள், "டூ ஷர்ட்ஸ்" என்று நேரடியாகப் போய்விடுவார்கள். மெல்லிசான, மடியும் பொருள்களை எல்லாம் ஒரே கூடையில் போடுவதுதான் ஹெலாயின் வேலை, காகிதத்தை நறுக்குவது அதன் கவலையே இல்லை.

தமிழ்ச் சொற்களை வைத்தே பழகுங்கள்

மலாய்தான் சுலபமான வாசல் என்றேனே, அதற்குக் காரணம் இது. கப்பலேறிப் போன நம் சொற்கள் மலாயில் நிறைய உட்கார்ந்திருக்கின்றன, பெயர் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் வகைச்சொல்லில் மட்டும் கவனம் வைக்கலாம். கெடாய் நம் கடை, பெரியது, உருவம் சொல்ல முடியாதது, எனவே துவா புவா கெடாய். காப்பால் கப்பல், அதற்கும் புவா. கோயில் அங்கே கூயில், புவா. பெட்டி பெத்தி ஆகி நிற்கிறது, கட்டில் காத்தில், இரண்டுக்கும் புவா. மாம்பழம் மெம்பெலாம், உருண்டை, எனவே செபீஜி மெம்பெலாம். சுருட்டு செருத்து, நீளம், எனவே செபாத்தாங் செருத்து. ஒரு மாலை நேரத்தில் இந்த ஏழையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், புவாவும் பீஜியும் பாத்தாங்கும் கைவந்துவிடும்.

ஒரே பொருள், மூன்று சொல்

இப்போது கொஞ்சம் நுணுக்கம். வாழைப்பழம் மலாயில் பீசாங். ஒரு பழம் வேண்டுமென்றால் செபீஜி பீசாங். ஒரு சீப்பு வேண்டுமென்றால் செசீக்காட் பீசாங், இந்த சீக்காட் என்றால் தலைவாரும் சீப்பேதான்! யார் யாரிடமிருந்து எடுத்தார்களோ, இல்லை இருவருக்கும் தனித்தனியாகவே அப்படித் தோன்றியதோ, எனக்குத் தெரிந்த அன்று சந்தையில் தனியாக நின்று சிரித்தேன். ஆங்கிலத்தில் அதைக் கை என்கிறார்கள், அதற்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. முழுத் தார் வேண்டுமென்றால் செதாண்டான்.

இதில் பீஜி வகைச்சொல், சீக்காட்டும் தாண்டானும் அளவுச்சொல். முன்பு சொன்ன சோதனையைப் போட்டுப் பாருங்கள். "ஒரு சீப்பு" என்பதில் சீப்பை எடுத்தால் பத்துப் பன்னிரண்டு பழம் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பீஜியை எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை.

என் கோழி விவகாரமும் இங்கேதான் வருகிறது. ஆயாம் என்ற சொல் கூவும் கோழிக்கும் பொருந்தும், தட்டில் கிடக்கும் கறிக்கும் பொருந்தும். எக்கோர் போட்டால் வாலோடு முழு உருவம், கெத்தூல் போட்டால் துண்டம். ஆங்கிலத்திலும் சிக்கனுக்கு இதே இரட்டை வாழ்க்கை உண்டு, அங்கே "டூ சிக்கன்ஸ்", "டூ பீசஸ் ஆஃப் சிக்கன்" என்று பிரிப்பார்கள். அதாவது வகைச்சொல்லுக்கும் அளவுச்சொல்லுக்கும் நடுவே இருப்பது மதில் இல்லை, வேலிதான். கெத்தூல் இரண்டு பக்கமும் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மீன்கடையில் எக்கோர் போட்டால் முழு மீன் வரும், அங்கே அதுதான் சரி.

ஒரு பட்டியலைப் போட்டுப் பார்ப்போம்

சந்தைக்குப் போகிறீர்கள். மீன் ஐந்து, முட்டை பத்து, வாழைப்பழம் ஒரு சீப்பு, சட்டை இரண்டு, பேனா ஒன்று, கடைசியில் மழை வரும்போல் இருப்பதால் குடை ஒன்று.

மீன் விலங்கு, முழுசாக வேண்டும். ஈக்கான் லீமா எக்கோர். முட்டை உருண்டை, தெலோர் செபுலோ பீஜி. பழம் சீப்புக் கணக்கு, பீசாங் செசீக்காட். சட்டை மெல்லிசு, மடியும், பாஜு துவா ஹெலாய். பேனா நீளம், பென் செபாத்தாங். விலை கேட்கும்போதும் இதே சொல்தான், மாம்பழத்தைக் காட்டி "செபீஜி பெராப்பா?" என்றால் ஒன்று என்ன விலை என்று அர்த்தம்.

குடைதான் சோதிக்கும். நீளமாகவும் இருக்கிறது, விரித்தால் வட்டமாகவும் இருக்கிறது. பாத்தாங் போடத் தோன்றும். ஆனால் குடைக்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், காக்கி, அதாவது கால். செகாக்கி பாயோங், ஒரு கால் குடை. இப்படி மோதிரத்துக்கு பெந்தோக், கடிதத்துக்கு பூச்சோக், கத்திக்கு பீலா, பூவுக்கு குந்தும் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. உருவத்தை வைத்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, பார்க்கும்போது ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தப்பாகச் சொன்னால் எப்படித் தெரியும்

முகத்துக்கு நேரே திருத்துபவர்கள் குறைவு. நீங்கள் சொன்னதையே சரியான சொல்லோடு திரும்பச் சொல்வார்கள். நீங்கள் "துவா புவா பாஜு" என்றால் கடைக்காரர் "ஓ, துவா ஹெலாய்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துத் தருவார். அந்த இரண்டாவது சொல்லைத்தான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் இன்றுவரை கற்றுக்கொண்டதில் பாதி அப்படிக் கிடைத்தது.

சொல் நினைவுக்கு வரவில்லையா? புவா அல்லது பீஜி போட்டுச் சமாளியுங்கள். பேச்சுவழக்கில் காருக்கே துவா பீஜி கெரேத்தா என்கிறார்கள், பள்ளி ஆசிரியர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார், தெருவில் யாரும் கவலைப்படுவதில்லை. எழுதும்போது மட்டும் புவாவுக்குத் திரும்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக் கடையிலோ இடைச்சொல்லே காணாமல் போகும். "ரொட்டி சானாய் துவா, தே தாரேக் சாத்து" என்று வெறும் எண்ணில் ஆர்டர் பறக்கும், நம் டீக்கடையில் "மூணு டீ" என்பது போல. பலகையில் எழுதியிருப்பதை எல்லாரும் அறிந்த இடத்தில் அது போதும். கோழிக்கு மட்டும் நான் இப்போதும் கெத்தூல் சேர்த்துத்தான் கேட்கிறேன். அந்த அம்மா இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார், என்னைப் பார்த்ததும் "ஆதிக், துவா எக்கோர்?" என்கிறார்.